வண்டி ஸ்டாண்டின் மணிவாரி அறிக்கை: எத்தனை வண்டி நின்றது, எவ்வளவு வசூலானது

டோக்கன் மெஷின் தினமும் ராத்திரி ஒரு வசூல் சீட்டு தருகிறதே, அது போதாதா? மணிவாரி, வண்டிவாரி என்று தனி அறிக்கை எதற்கு?

கல்லாவைச் சரிபார்க்க அந்தச் சீட்டு போதும். இன்று இத்தனை டோக்கன், இவ்வளவு ரூபாய் என்று அது சொல்லிவிடும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு டூவீலர்காரர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே பாதிக்கு மேல் கார் இடம் காலியாகக் கிடந்தது அந்தச் சீட்டில் தெரியாது. மதியம் கார் இடம் கிடைக்காமல் சுற்றியவர்கள் தெரியமாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு ஆளை நிறுத்திவைப்பது கட்டுப்படியாகிறதா என்பதும் தெரியாது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எந்த மணியில், எந்த வகை வண்டி, எத்தனை இடத்தை அடைத்திருந்தது, அந்த இடம் எவ்வளவு சம்பாதித்தது என்று பார்த்தாக வேண்டும்.

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டாண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் கடைவீதி. 20 கார் இடம், 120 டூவீலர் இடம். காருக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்கு 30 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 10 ரூபாய். டூவீலருக்கு 6 மணி நேரம் வரை 10, 12 மணி நேரம் வரை 15, ஒரு நாள் முழுக்க 20. எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. ஆனால் காலையில் வேலைக்குப் போகிறவர்களின் டூவீலரும், மதியமும் மாலையும் கடைக்கு வருகிறவர்களின் காரும் ஒரே வளாகத்தில் நிற்கிற இந்த அமைப்பை நம் ஊர்களில் எங்கும் பார்க்கலாம்.

இதற்கு என்னென்ன பதிவாக வேண்டும்?

ஒரு டோக்கனுக்கு ஆறு விஷயம்: டோக்கன் எண், வண்டி எண், வண்டி வகை, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், வாங்கிய தொகை. நேரம் என்றால் தேதியும் சேர்ந்தே இருக்க வேண்டும். இரவு 11:20க்கு வந்து காலை 6:10க்குப் போகிற வண்டியை வெறும் மணியால் மட்டும் எழுதிவைத்தால் நின்ற நேரம் மைனஸில் போய்விடும்.

வண்டி வகையை நுழைவிலேயே பதிய வேண்டும். சில இடங்களில் உள்ளே விடும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி டோக்கன் கொடுத்துவிட்டு, வெளியே போகும்போது தொகையைப் பார்த்து வகையை ஊகிக்கிறார்கள். இப்படிச் செய்தால் இன்னும் உள்ளே நிற்கிற வண்டிகளின் வகை யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, நுழைவு மெஷினும் வெளியேறும் மெஷினும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். வெளியேறும் மெஷின் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தால், ஐந்து நிமிடம் நின்ற வண்டி வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே போய்விட்டதாகப் பதிவாகும். டேட்டாவில் மைனஸ் நேரம் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மைனஸாகத் தெரிவது அந்த ஒன்றிரண்டுதான், ஆனால் அன்றைக்கு எல்லா டோக்கனிலும் ஏழு நிமிடம் குறைந்திருக்கும். இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டிய காரிடம் 40 ரூபாய்க்குப் பதில் 30 வாங்கியிருப்பார்கள்.

ஒவ்வொரு மணியிலும் உள்ளே வந்த வண்டியை எண்ணிப் போட்டால் போதாதா?

வந்த வண்டி வேறு, நின்ற வண்டி வேறு. காலை 7:40க்கு வந்த டூவீலர் மாலை 6:10 வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வந்த கணக்கில் அது ஏழு மணிக் கட்டத்தில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். ஐந்தே டோக்கனை வைத்துப் பார்ப்போம்.

| டோக்கன் | வகை | வந்தது | போனது | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| 101 | டூவீலர் | 7:40 | 18:10 | 15 |
| 102 | கார் | 9:50 | 10:20 | 30 |
| 103 | கார் | 10:05 | 12:35 | 40 |
| 104 | கார் | 10:30 | 10:55 | 30 |
| 105 | டூவீலர் | 10:45 | 11:15 | 10 |

பத்து முதல் பதினொன்று வரையிலான ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்கள், கார்களை மட்டும். சரியாக 10:00க்கு எட்டிப் பார்த்தால் ஒரு கார் (102). 11:00க்கு எட்டிப் பார்த்தாலும் ஒரு கார்தான் (103). ஆனால் இடையில் இரண்டு முறை, ஒரே நேரத்தில் இரண்டு கார் நின்றிருக்கிறது. நிமிடக் கணக்கு போட்டால் 102 இருபது நிமிடம், 103 ஐம்பத்தைந்து, 104 இருபத்தைந்து, ஆக 100 நிமிடம். அறுபதால் வகுத்தால் 1.67. அந்த ஒரு மணி நேரத்தில் சராசரியாக 1.67 கார் நின்றது என்று அர்த்தம். இதைத்தான் வண்டி-மணி என்கிறோம். ஒரு வண்டி ஒரு மணி நேரம் நின்றால் ஒரு வண்டி-மணி.

அறிக்கையில் வர வேண்டியவை இரண்டு: வண்டி-மணியும், அந்த மணிக்குள் ஒரே நேரத்தில் நின்ற அதிகபட்ச எண்ணிக்கையும். முதலாவது இடம் எவ்வளவு பயன்பட்டது என்று சொல்லும். 20 கார் இடம் இருக்கிற ஸ்டாண்டில் ஒரு மணிக்கு 20 வண்டி-மணி கிடைக்கும். அதில் 8 பயன்பட்டால் 40 சதவீதம் நிரம்பியது. இரண்டாவது, இடம் போதுமா என்று சொல்லும். சராசரி 60 சதவீதமாக இருக்கும்போதே நடுவில் கால் மணி நேரம் இடமே இல்லாமல் போயிருக்கலாம். மணிக்கு மணி எட்டிப் பார்த்து நோட்டில் எழுதுகிற பழக்கம் உள்ள இடங்களில், நீண்ட நேரம் நிற்கிற டூவீலருக்கு அந்த எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகவே வரும். அரைமணியில் வந்து போகிற கார்களைத்தான் அது கோட்டைவிடும்.

வசூலை எந்த மணிக் கணக்கில் வைப்பது? வண்டி வந்த மணியா, போன மணியா?

காசு கைக்கு வருவது வண்டி போகும்போது. ஆகவே கல்லாக் கணக்குக்கும் ஷிப்ட் ஒப்படைப்புக்கும் போன மணிதான். இதை மாற்றவே கூடாது. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிக்கிறவர் அதுவரை வாங்கிய காசைத்தான் எண்ணிக் கொடுக்க முடியும்.

சிக்கல் வருவது அந்த வசூலை நிரம்பிய அளவுக்குப் பக்கத்திலேயே போட்டுப் படிக்கும்போது. மேலே உள்ள ஐந்து டோக்கனில், பத்து முதல் பதினொன்று வரை டூவீலர் வசூல் பூஜ்யம். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு டூவீலரும் வெளியே போகவே இல்லை. முழு ஸ்டாண்டுக்கும் இது இப்படித்தான் விரியும். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை டூவீலர் பக்கம் நிரம்பி வழியும், வசூல் கட்டத்தில் ஒன்றும் இருக்காது. ஆறு முதல் எட்டுக்குள் இடம் காலியாகிக்கொண்டே போகும், வசூல் கொட்டும். இதைப் பார்த்துவிட்டு மாலையில்தான் வருமானம், பகலில் டூவீலர் தண்டம் என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. அது தவறான முடிவு.

ஆகவே இரண்டாவது ஒரு வசூல் பத்தி வேண்டும். ஒவ்வொரு டோக்கனின் தொகையையும் அது நின்ற நிமிடங்களுக்குப் பங்கிட்டு, அந்தந்த மணியில் சேர்ப்பது. 102ஆம் டோக்கன் மொத்தம் 30 நிமிடம் நின்று 30 ரூபாய் கொடுத்தது. அதில் 20 நிமிடம் இந்த மணியில், ஆகவே 20 ரூபாய். 103 மொத்தம் 150 நிமிடம், 40 ரூபாய். 55 நிமிடத்துக்கு 14 ரூபாய் 67 காசு. 104 முழுவதும் இந்த மணிக்குள்ளேயே, ஆகவே 30. கார் மொத்தம் 64.67. டூவீலரில் 101க்கு 630 நிமிடத்தில் 60 நிமிடம், ஆகவே 1.43. 105க்கு 5. மொத்தம் 6.43.

அதே மணியின் கல்லா வசூல் கார் 60, டூவீலர் 0. இரண்டும் சரியான எண்கள்தான். முதல் பத்திக்கு 'வாங்கிய வசூல்' என்றும், இதற்கு 'பங்கிட்ட வசூல்' என்றும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலாளி ஒன்றைப் பார்ப்பார், கணக்கர் இன்னொன்றைப் பார்ப்பார், நடுவில் ஸ்டாண்டில் இருக்கிற பையன் மேல் சந்தேகம் விழும்.

எக்செல்லில் இதை எப்படிப் போடுவது?

A பத்தியில் டோக்கன் எண், B வகை, C வந்த நேரம், D போன நேரம், E தொகை. வண்டி எண்ணைக் கடைசியில் எங்காவது தனிப் பத்தியில் வைத்துக்கொள்ளலாம். G1 முதல் வலப்பக்கமாக ஒவ்வொரு மணியின் தொடக்கம், தேதியோடு. G2இல் இந்தச் சூத்திரத்தைப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடுங்கள்:

```
=MAX(0,MIN($D2,G$1+1/24)-MAX($C2,G$1))*24
```

அந்த டோக்கன் அந்த மணிக்குள் எவ்வளவு நேரம் நின்றது என்று இது மணிக் கணக்கில் தரும். வகைவாரியாகக் கூட்ட `SUMIF` போதும். பங்கிட்ட வசூலுக்கு இன்னொரு தாளில், முதல் தாளின் பெயர் Data என்றால்:

```
=Data!$E2*Data!G2/((Data!$D2-Data!$C2)*24)
```

எட்டிப் பார்க்கிற எண்ணிக்கை வேண்டுமென்றால்:

```
=COUNTIFS($B:$B,"கார்",$C:$C,"<="&G$1,$D:$D,">"&G$1)
```

இங்கே ஒரு குழி இருக்கிறது. இன்னும் வெளியே போகாத வண்டிக்கு D பத்தி காலியாக இருக்கும். முதல் சூத்திரத்தில் `MIN` காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. ஆகவே அந்த வண்டி, வந்த நேரத்திலிருந்து தாளின் கடைசி மணி வரை நின்றதாகவே கணக்காகும், இன்னும் விடியாத நாளை காலை உட்பட. `COUNTIFS` நேர் எதிர். காலிக் கட்டம் எதையும்விடப் பெரிதல்ல என்பதால் அந்த வண்டியை எண்ணவே எண்ணாது. ஒரே தாளில் இரண்டு சூத்திரம் இரண்டு பதில் சொல்லும். அறிக்கை எடுக்கும் நேரத்தைக் காலியான D கட்டங்களில் நிரப்பிவிட்டு, அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள். அந்த வரிகளுக்கு ஒரு நிறம் கொடுத்துவைப்பது நல்லது. அவற்றின் தொகை இன்னும் வரவில்லை என்பதும் நினைவில் இருக்கும்.

மெஷின் கம்பெனி டேட்டாபேஸைத் திறந்து கொடுத்திருக்கிறது. எஸ்கியூஎல்லில் எழுத முடியுமா?

முடியும். டோக்கன் எண்ணிக்கை கூடினால் அதுதான் வசதி. போஸ்ட்கிரெஸ்ஸில் இப்படி:

```sql
SELECT g.h, t.vtype,
  SUM(EXTRACT(EPOCH FROM
    LEAST(COALESCE(t.out_at, LOCALTIMESTAMP), g.h + interval '1 hour')
    - GREATEST(t.in_at, g.h)) / 3600) AS veh_hours
FROM generate_series(timestamp '2025-06-02 00:00',
                     timestamp '2025-06-02 23:00',
                     interval '1 hour') AS g(h)
JOIN tickets t
  ON t.in_at < g.h + interval '1 hour'
 AND COALESCE(t.out_at, LOCALTIMESTAMP) > g.h
GROUP BY g.h, t.vtype
ORDER BY g.h, t.vtype;
```

கடைசி இரண்டு வரிக்கு மேலே இருக்கிற இணைப்பு நிபந்தனைதான் முக்கியம். அந்த மணி முடிவதற்குள் வந்து, அந்த மணி தொடங்கிய பிறகு போன எல்லா வண்டியும் உள்ளே வரும். பலர் `WHERE in_at` அந்தத் தேதிக்குள் என்று ஒரு வடிகட்டியைப் பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். அதைச் சேர்த்தால் முந்தின இரவே வந்து தங்கிய வண்டிகள் எல்லாம் விழுந்துவிடும். அதிகாலை மணிகளில் ஸ்டாண்ட் காலியாக இருந்ததாக அறிக்கை சொல்லும். ஒரு வண்டியும் நிற்காத மணி இந்தப் பட்டியலில் வரவே வராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யமும் வரிசையில் தெரிய வேண்டுமென்றால் மணியையும் வகையையும் முதலில் பெருக்கி வைத்துக்கொண்டு `LEFT JOIN` போட வேண்டும்.

எங்கள் இடம் 120 டூவீலருக்குத்தான். அறிக்கை 131 என்று காட்டுகிறது. எப்படி?

நிஜமாகவே 131 நின்றிருக்கலாம். விசேஷ நாளில் சந்துக்குள் சொருகி நிறுத்துவது எல்லா ஸ்டாண்டிலும் நடக்கிறதுதான். ஆனால் பெரும்பாலும் காரணம் மூடாத டோக்கன். வண்டி போய்விட்டது, வெளியேறும் பதிவு ஏறவில்லை. நெரிசலில் ஸ்கேன் செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு விட்டிருப்பார்கள், அல்லது மெஷின் சார்ஜ் இறங்கியிருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க மாலை நெரிசல் மணியைப் பார்க்காதீர்கள். அதிகாலை மூன்று மணியைப் பாருங்கள். அப்போது வருவதும் போவதும் கிட்டத்தட்ட இல்லை. அறிக்கையில் திங்கள் மூன்று மணிக்கு 9, செவ்வாய் 12, புதன் 14, வியாழன் 18 என்று நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் அது மூடாத டோக்கனின் குவியல். நிஜமாக இரவு தங்குகிற வண்டி ஏறும், இறங்கும், ஒரே திசையில் போகாது. இரவுக் காவலர் ஒருமுறை டார்ச்சோடு சுற்றி வண்டி எண்களை எழுதிக் கொடுத்தால் பத்து நிமிட வேலை. அந்தப் பட்டியலில் இல்லாத டோக்கன்களை அன்றே 'கணக்கில் மூடியது' என்று தனிக் குறியோடு மூடுங்கள். எப்போது போனது என்று தெரியாத வண்டிக்கு ஒரு நேரத்தைக் கற்பனையாகப் போடாமல், அதை மணிவாரிக் கணக்கிலிருந்து விலக்கி, இத்தனை டோக்கன் விலக்கப்பட்டது என்று அறிக்கையின் அடியில் எழுதுவதே நேர்மை.

இந்தக் குறியிட்ட டோக்கன்களை எந்த ஷிப்டில் அதிகம் என்று பார்ப்பதும் பயனுள்ளது. காசு வாங்கிப் பதியாமல் விட்டது அங்கேதான் தெரியும். ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து யாரையும் கேள்வி கேட்க வேண்டாம். அதே ஷிப்டில், மெஷின் நன்றாக இருந்த நாட்களிலும் தொடர்ந்து வந்தால் கேட்கலாம்.

டோக்கனைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை எப்படிப் பதிவது?

வண்டி எண்ணைத் தேடிப் பழைய டோக்கனை எடுத்து, அதிலேயே மூடுங்கள். அபராதத் தொகையை அதற்கென்று தனிப் பத்தியில் எழுதுங்கள். நுழைவு நேரம் தெரியவில்லை என்று புதிதாக ஒரு டோக்கன் போட்டு உடனே மூடினால், ஒரு நிமிடம் நின்ற வண்டி 50 ரூபாய் கொடுத்ததாகப் பதிவாகும், பழைய டோக்கனும் மூடாமல் கிடக்கும். ஒரே தவறு வசூலையும் நிரம்பிய அளவையும் சேர்த்துக் கெடுக்கிறது.

மாத பாஸ் வண்டிகளுக்கு ஒவ்வொரு முறையும் காசு வாங்குவதில்லை. அவை எங்கே வரும்?

காசு வாங்காவிட்டாலும் உள்ளே, வெளியே பதிவு இருந்தே ஆக வேண்டும். பாஸைக் காட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டால் நிரம்பிய அளவில் பாதி காணாமல் போகும். தொகை பூஜ்யம் என்று பதிந்து, வகையில் 'டூவீலர் பாஸ்' என்று தனியாகப் போடுங்கள்.

பாஸ் பணம் வந்த தேதியில் கல்லாவில் சேரும், அது வாங்கிய வசூல். பங்கிட்ட வசூலுக்கு மாதக் கடைசியில் ஒரு வகுத்தல் போதும். 80 பாஸ், ஒன்று 300 ரூபாய் என்றால் 24,000. அந்த 80 வண்டிகளும் மாதத்தில் 25 நாள், நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் நின்றால் 20,000 வண்டி-மணி. ஒரு வண்டி-மணிக்கு 1 ரூபாய் 20 காசு. டோக்கன் போட்டு நின்ற 101ஆம் வண்டி மணிக்கு 1.43 கொடுத்தது. பாஸ் கொஞ்சம் மலிவு, ஆனால் முன்பணம், நெரிசல் நேரத்தில் சில்லறைத் தொல்லையும் கிடையாது. 300 ரூபாய் சரியான விலையா என்பதை இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். பாஸ் வைத்திருந்தும் மாதத்தில் ஐந்து நாள் மட்டும் வருகிறவர்கள் அதிகம் இருந்தால் மணிக்கான தொகை கூடும். ஆகவே மாதா மாதம் புதிதாக வகுக்க வேண்டும்.

காலையில் கார் இடம் காலியாகக் கிடக்கிறது, டூவீலருக்கு இடமில்லை. அந்த இடத்தை டூவீலருக்குக் கொடுத்துவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு கணக்கும். பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டையும் ஒரே அளவில் வைக்க வேண்டும். ஒரு கார் இடத்தில், போய்வரும் வழியையும் விட்டு, நான்கு டூவீலர் நிற்கும் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் இடத்தில் கோடு போட்டு, வண்டியை நிறுத்தி அளந்து பாருங்கள். காலை 7 முதல் இரவு 9 வரை 14 மணி நேரம். ஒரு சாதாரண வார நாளில் 70 கார், 112 வண்டி-மணி, 2,380 ரூபாய். கிடைக்கக்கூடியது 280 வண்டி-மணி. ஆகவே 40 சதவீதம் நிரம்பியது. டூவீலர் 150, 1,344 வண்டி-மணி, 2,040 ரூபாய். கிடைக்கக்கூடியது 1,680. ஆகவே 80 சதவீதம்.

இதைப் பார்த்ததும் கார் பக்கம் வீண் என்று தோன்றும். ஆனால் இடத்துக்கான வருமானம் பார்த்தால் ஒரு கார் இடம் நாளுக்கு 119 ரூபாய் கொண்டுவருகிறது. ஒரு டூவீலர் இடம் 17, நான்கு சேர்த்தால் 68. பாதி நேரம் காலியாகக் கிடந்தும் கார் இடம்தான் அதிகம் சம்பாதிக்கிறது. கார் நின்ற ஒரு மணிக்கு 21 ரூபாய் 25 காசு, டூவீலர் நின்ற ஒரு மணிக்கு ஒன்றரை ரூபாய்.

அடுத்து மணிவாரியாகப் போகலாம். எட்டு முதல் ஒன்பது வரை கார் சராசரி 4. பதினாறு இடம் சும்மா கிடக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் வருகிற டூவீலர் மாலை வரை நகராது. மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை கார் அதிகபட்சம் 17. காலையில் கொடுக்கிற இடம் மதியம் திரும்பிக் கிடைக்காது. ஆகவே எட்டு மணியின் காலி இடத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த டூவீலர்கள் நிற்கப்போகிற எல்லா மணியிலும் கார் எவ்வளவு உச்சம் தொட்டது என்று பார்த்து, அதில் மிகப் பெரியதைக் கழிக்க வேண்டும். 20இல் 17 போக, கவலையின்றிக் கொடுக்கக்கூடியது மூன்று கார் இடம். பன்னிரண்டு டூவீலர், ஆளுக்கு 15 ரூபாய், நாளுக்கு 180.

நான்காவது இடம்? காலையில் திருப்பி அனுப்பியது 15 டூவீலர் என்று காவலர் நோட்டில் இருந்தால், நான்காவது இடத்தில் மூன்று பேர் நிற்பார்கள், 45 ரூபாய். மதிய உச்சத்தில் ஒரு இடம் குறையும். அதனால் ஒரு கார் திரும்பிப் போனாலே 34 ரூபாய், இரண்டு என்றால் 68. கட்டாது. மூன்றோடு நிறுத்துவேன். சனிக்கிழமை கார் உச்சம் 20ஐத் தொட்டால் அன்று ஒன்றுகூடக் கொடுக்கமாட்டேன்.

சராசரியை வைத்து இதே கணக்கைப் போட்டிருந்தால் பன்னிரண்டு இடம் காலி என்று தோன்றியிருக்கும். மதியம் கடைக்கு வருகிறவர்கள் எதிர்ச்சாரியில் நிறுத்தப் பழகிவிடுவார்கள், பிறகு இடம் இருந்தாலும் திரும்ப வர நாளாகும்.

திருப்பி அனுப்பிய வண்டி மெஷினில் பதிவாகாதே, அதை எப்படி அறிக்கையில் கொண்டுவருவது?

மெஷினால் முடியாது. நிரம்பிய மணிகளில் வரைபடம் மேலே போய் ஒரே கோடாக நின்றுவிடும். அந்தக் கோடு ஸ்டாண்டின் கொள்ளளவை மட்டும் காட்டுகிறது, எத்தனை பேருக்கு இடம் தேவைப்பட்டது என்பதைக் காட்டாது. வாசலில் இருப்பவரிடம் ஒரு நோட்டு, மணிக்கு ஒரு கட்டம், கார், டூவீலர் என்று இரண்டு பத்தி, திரும்பிப் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நிரம்பியிருக்கும் நேரத்தில் மட்டும் எழுதினால் போதும். ஒரு வாரம் எழுதினாலே வடிவம் தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டியைச் சேர்த்துப் போடுவதா, நீக்கிப் போடுவதா?

பதிவு பெற்றவராக இருந்தால் நீக்கி. வாகன நிறுத்தக் கட்டணத்துக்கு வரி 18 சதவீதம். வரி உட்பட 30 ரூபாய் வாங்கினால் உங்களுடையது 25 ரூபாய் 42 காசு (30ஐ 1.18ஆல் வகுக்க வேண்டும்), மிச்சம் கட்ட வேண்டிய வரி. வாங்கிய வசூலில் முழு 30 இருக்கட்டும், கல்லாவோடு ஒத்துப்போக அதுதான் வேண்டும். பங்கிட்ட வசூலில் 25.42 போடுங்கள். மேலே உள்ள கணக்குகளில் வரியை நான் சேர்க்கவில்லை.

எத்தனை நாள் டேட்டாவைப் பார்த்து முடிவெடுப்பது?

நான்கு வாரம் இருந்தால் நல்லது, கிழமைவாரியாகப் பிரித்து. திங்களையும் ஞாயிறையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த நாளிலும் நடக்காத ஒரு நாள் கிடைக்கும். முகூர்த்த நாள், தீபாவளிக்கு முந்தின வாரம், பள்ளி விடுமுறை ஆகியவற்றைக் குறித்துவைத்து விலக்குங்கள். அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

அறிக்கை சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மூன்று கூட்டல் ஒத்துப்போக வேண்டும். எல்லா மணிகளின் வண்டி-மணியைக் கூட்டினால், ஒவ்வொரு டோக்கனும் நின்ற நேரத்தின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும். குறைந்தால் ஏதோ ஒரு மணி விடுபட்டிருக்கிறது, பெரும்பாலும் நள்ளிரவைத் தாண்டிய வண்டிகளில். பங்கிட்ட வசூலின் கூட்டல், அதே டோக்கன்களின் மொத்தத் தொகைக்கு, வரியை நீக்கியிருந்தால் வரி போக மிஞ்சிய தொகைக்கு, சமமாக வர வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் பார்த்தால் இது சரியாக ஒட்டாது, ஏனென்றால் நேற்று வந்து இன்று போன வண்டியின் தொகையில் ஒரு பங்கு நேற்றைக்குப் போயிருக்கும். டோக்கன் தொகுப்பாகப் பாருங்கள். மூன்றாவது, வாங்கிய வசூலின் கூட்டலும் கல்லாவில் எண்ணிய ரொக்கமும் யூபிஐயில் வந்ததும் சேர்ந்த தொகையும். யூபிஐயில் நள்ளிரவை ஒட்டி வந்த பணம் வங்கி அறிக்கையில் மறுநாள் தேதியில் தெரியலாம். பத்து, இருபது ரூபாய் வித்தியாசத்துக்கு முதலில் அங்கே பாருங்கள்.